சரிசெய்து சரிசெய்து ஒழுகும் தளம்: துணை ஒப்பந்தத்தை முறிக்கும் அறிவிப்பு பற்றி

குளியலறைத் தளத்துக்கு நீர்க்காப்புப் பூச்சு முடிந்ததும், டைல் ஒட்டுவதற்கு முன்னால், வாசலில் சிமென்ட் வரம்பு கட்டித் தண்ணீர் நிரப்புவார்கள். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் எழுதுவார்கள். 48 மணி நேரம் கழித்து கீழ்வீட்டுக்குப் போய், டார்ச் அடித்துக் கூரையைப் பார்க்க வேண்டும். ஒழுகினால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தெரியும்: கழிவுக் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தைச் சுற்றி, கையகல ஈரவட்டமாக. அதன் ஓரத்தில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தால், கசிவு இன்று நேற்று தொடங்கியதல்ல என்று பொருள்.

இந்த ஈரவட்டம் ஒருமுறை வந்தால் அதில் பெரிய சட்டப் பிரச்சினை எதுவும் இல்லை. துணை ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டுச் சொன்னால் வந்து சரிசெய்வார். சிக்கல், சரிசெய்த பிறகு அடுத்த மாடியில் அதே வட்டம் வருவதில்தான் இருக்கிறது. சொன்னால் அதையும் சரிசெய்கிறார். அதற்கடுத்த கோபுரத்தில் மறுபடியும் ஒழுகுகிறது. ஒவ்வொரு தனிக் குறையும் தீர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் வேலை மோசமாகவே நடந்துகொண்டிருக்கிறது. இப்படிப்பட்டவரின் ஒப்பந்தத்தை முறிக்க முடியுமா, முடியும் என்றால் எந்த அறிவிப்பை எப்படி எழுதி என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. கட்டுமான ஒப்பந்தங்களில் முறிவு அறிவிப்பு தோற்றுப்போகும் வழக்குகளைப் படிக்கும்போது, வேலை நன்றாக நடந்தது என்று யாரும் நிரூபித்ததால் அது தோற்பது அபூர்வம் என்பது புரிகிறது. பெரும்பாலும் அறிவிப்பு கொடுத்தவர், தான் கடக்க வேண்டிய படி ஒன்றைத் தாண்டிக் குதித்திருப்பார்.

முதலில் அந்தப் படிகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, முறிவுக்குத் தரும் வாசல் குறுகலானது. அதன் 39-ஆம் பிரிவின்படி, ஒரு தரப்பு தன் கடமையை முழுவதுமாக நிறைவேற்ற மறுத்தாலோ, நிறைவேற்ற முடியாதபடி தன்னையே ஆக்கிக்கொண்டாலோதான் மறுதரப்பு ஒப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டுவரலாம். அதுவும், மறுதரப்பு சொல்லாலோ செயலாலோ ஒப்பந்தம் தொடர்வதற்கு இசைந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். மோசமாக வேலை செய்கிற துணை ஒப்பந்ததாரர் மறுக்கிறவர் அல்ல. அவர் தினமும் ஆள் அனுப்புகிறார், பூசுகிறார், கூப்பிட்டால் வருகிறார். சட்டத்தின் பொதுவாசல் வழியாக அவரை வெளியேற்றுவது கடினம். அதனால்தான் ஒப்பந்தத்திலேயே தனி வாசல் ஒன்றைக் கட்டுகிறார்கள்: குறையைச் சுட்டிக்காட்டி ஓர் அறிவிப்பு, அதைச் சரிசெய்ய இத்தனை நாள் அவகாசம், சரியாகாவிட்டால் முறிவு அறிவிப்பு. இந்த வாசலை ஒப்பந்தமே தருவதால், ஒப்பந்தம் சொல்கிற வழியில்தான் அதைத் திறக்க முடியும்.

அவகாசம் கொடுக்காமல் முறித்தால் என்ன ஆகும் என்பதற்கு, உச்ச நீதிமன்றம் 1979-இல் தீர்த்த ஹிந்த் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நாசிக் இடதுகரைக் கால்வாயில் ஒரு நீர்ப்பாலம் கட்டும் வேலை. 1955 ஜூலையில் உத்தரவு, பன்னிரண்டு மாத கெடு. கெடு முடிந்தும் வேலை முடியவில்லை. 1956 ஆகஸ்டில் அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஆனால் அந்த ஒப்பந்தத்திலேயே கால நீட்டிப்புக்கு ஒரு பிரிவும், தாமதத்துக்கு அபராதம் விதிக்க ஒரு பிரிவும் இருந்தன. நீட்டிக்கவும் அபராதம் வாங்கவும் இடம் வைத்திருக்கிறபோது, குறித்த தேதியே ஒப்பந்தத்தின் உயிர் என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். அப்படியானால் அரசு, நியாயமான ஒரு புதிய கெடுவை வைத்து, அதற்குள் முடிக்காவிட்டால் ரத்து என்று முதலில் அறிவித்திருக்க வேண்டும். அதைச் செய்யாததால் ரத்து தவறானது. இன்று நம் ஊரில் எழுதப்படும் துணை ஒப்பந்தங்கள் பெரும்பாலானவற்றில் கால நீட்டிப்பும் உண்டு, வாராந்திர அபராதமும் உண்டு. ஆகவே தேதி தாண்டிவிட்டது என்ற ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை முறிக்கப் போகிறவர் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்துவிட்டுப் போவது நல்லது.

இனி ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இது நான் அமைத்துக்கொண்ட கணக்கு. ஆனால் இதில் வருகிற ஒவ்வொரு சிக்கலும் கட்டுமானத் தளங்களில் நடப்பதுதான். இரண்டு கோபுரங்கள் கொண்ட அடுக்குமாடி. குளியலறைகளுக்கு நீர்க்காப்புப் பூச்சு வேலை ஒரு துணை ஒப்பந்ததாரருக்கு 38 லட்சம் ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒப்பந்தத்தின் 14.2 பிரிவு: தரத்திலோ வேகத்திலோ குறை இருந்தால் பிரதான ஒப்பந்ததாரர் அதை எழுத்தில் விவரித்து, கிடைத்த நாளிலிருந்து 10 நாளுக்குக் குறையாத அவகாசம் கொடுக்க வேண்டும். 14.3: அவகாசத்துக்குள் குறை தீராவிட்டால், 7 நாள் முன்னறிவிப்போடு முறிக்கலாம். 14.4: அறிவிக்கப்பட்டு, சரிசெய்யப்பட்ட அதே குறை ஆறு மாதத்துக்குள் திரும்ப நேர்ந்தால், மறு அவகாசம் இல்லாமலே 14.3-இன்படி முறிக்கலாம்.

இந்த 14.4 போன்ற பிரிவு பல துணை ஒப்பந்தங்களில் இருப்பதே இல்லை. இங்கிலாந்தில் புழங்கும் ஜேசிடி மாதிரி ஒப்பந்தத்தில் அது நெடுநாளாக இருக்கிறது. அங்கே குறை அறிவிப்புக்குப் பிறகு 14 நாள் குறை தொடர்ந்தால், அதற்கடுத்த 21 நாளுக்குள் முறிக்கலாம். முறிக்காமல் விட்டு, பின்னால் அதே குறை மீண்டும் வந்தால், புதிய அவகாசம் கொடுக்காமல் நியாயமான காலத்துக்குள் முறிக்கலாம். சரிசெய்து சரிசெய்து ஒழுகவிடுகிறவரைப் பிடிப்பதற்கென்றே எழுதப்பட்ட பிரிவு அது. இந்தப் பிரிவு இல்லாத ஒப்பந்தத்தில், ஒவ்வொரு குறையும் அவகாசத்துக்குள் தீர்ந்துவிடுகிற வரைக்கும் பிரதான ஒப்பந்ததாரரின் கை கட்டப்பட்டே இருக்கும். ஒப்பந்தம் எழுதும் நாளில் இந்த நான்கு வரியைச் சேர்க்காதவர், பின்னால் எவ்வளவு நன்றாக அறிவிப்பு எழுதினாலும் ஈடுகட்ட முடியாது.

எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். பிப்ரவரியில் முதல் கோபுரத்தில் 40 குளியலறைகளில் தண்ணீர் கட்டியதில் 13 ஒழுகின. தள இன்ஜினியர் படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டார். இரண்டு மின்னஞ்சலும் போயின. பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. “எத்தனை தடவை சார் சொல்றது, எல்லாம் குரூப்ல இருக்கு” என்பார் இன்ஜினியர். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் குழுவில் போட்டது 14.2-இன்படி கொடுத்த அறிவிப்பு ஆகாது. அதில் பிரிவு எண் இல்லை, அவகாசம் இல்லை, அவகாசம் தாண்டினால் என்ன விளைவு என்றும் இல்லை. அது சாட்சியாக நிற்கும். அவகாசக் கடிகாரத்தை ஓடவைக்காது.

பிப்ரவரி 12-இல்தான் முறையான முதல் குறை அறிவிப்பு போகிறது. இந்த வழக்கின் தலையெழுத்தே இங்கேதான் எழுதப்படுகிறது. மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு கடிதத்தை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று: “முதல் கோபுரத்தில் கீழ்க்கண்ட 13 குளியலறைகள் ஒழுகுகின்றன. 14 நாளுக்குள் சரிசெய்யவும்.” இப்படி எழுதினால் குறை என்பது அந்த 13 குளியலறைகள் மட்டுமே. அவை உலர்ந்த அன்றே குறை தீர்ந்தது. மார்ச்சில் இரண்டாம் கோபுரம் ஒழுகினால், அது வேறு குறை, எனக்குப் புதிய அவகாசம் வேண்டும் என்று துணை ஒப்பந்ததாரர் கேட்பார். அவர் கேட்பதில் நியாயமும் இருக்கும்.

இன்னொரு விதம் ஒழுகலின் காரணம்வரை போவது. இன்ஜினியர் இரண்டு இடங்களில் பூச்சை உரித்துப் பார்க்கிறார். ஒப்புக்கொள்ளப்பட்ட செய்முறைப்படி, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சுருங்காத கிரௌட் ஊற்றி அடைத்து, அதன்மேல் கண்ணாடி நார்த்துணி வைத்து, ஒரு நாள் இடைவெளியில் இரண்டு கோட் அடிக்க வேண்டும். உரித்த இடத்தில் கிரௌட் இல்லை. வெறும் சிமென்ட் கலவையை அப்பியிருக்கிறார்கள். துணி இல்லை. இரண்டு கோட்டுக்கும் நடுவே இடைவெளியும் விடவில்லை. இப்போது அறிவிப்பு இப்படி அமைகிறது:

“ஒப்பந்தத்தின் 14.2 பிரிவின்கீழ் இந்த அறிவிப்பு. குழாய் இறங்கும் இடங்களில், ஒப்புதல் பெற்ற செய்முறையின் 6 முதல் 9 வரையான படிகளை நீங்கள் பின்பற்றவில்லை. இதுவே குறை. அதன் விளைவாக முதல் கோபுரத்தில் இணைப்பில் கண்ட 13 குளியலறைகள் 48 மணி நேரச் சோதனையில் ஒழுகின. இந்த அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் (அ) அந்த 13 குளியலறைகளைச் செய்முறைப்படி மீண்டும் செய்து சோதனையில் காட்டவும், (ஆ) இனிச் செய்யும் எல்லா இடங்களிலும் கிரௌட் ஊற்றியதையும் துணி வைத்ததையும் மூடுவதற்கு முன் எங்கள் இன்ஜினியரிடம் காட்டிக் கையொப்பம் பெறவும் வேண்டும். தவறினால் 14.3-இன்படியும், இக்குறை திரும்ப நேர்ந்தால் 14.4-இன்படியும் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை எங்களுக்கு உண்டு.”

இரண்டு கடிதங்களும் ஒரே ஈரவட்டத்தைப் பற்றியவைதான். ஆனால் இரண்டாவது, வேலை செய்யும் முறையையே குறையாகப் பெயரிடுகிறது. அது மார்ச்சில் இரண்டாம் கோபுரத்தில் திரும்ப நேரும்போது, அதே குறை என்று சொல்ல இடம் இருக்கிறது. தொடர்ந்து மோசமாகச் செய்வது என்பது பத்துக் குறைகளின் கூட்டுத்தொகை அல்ல. பத்துக்கும் பின்னால் இருக்கிற ஒரு குறை. அதை முதல் அறிவிப்பிலேயே கண்டுபிடித்து எழுதாவிட்டால், கடைசி அறிவிப்பில் போய்ச் சேர்க்க முடியாது.

ஒப்பந்தம் 10 நாள் போதும் என்கிறபோது ஏன் 14? இதற்குப் பதில் பூச்சு வேலையில் இருக்கிறது. தேங்கிய தண்ணீரை இறைத்துத் தளத்தைக் காயவிட 2 நாள். உளி வைத்து உடைத்து, கிரௌட் ஊற்ற ஒரு நாள். இரண்டு கோட்டுக்கு 2 நாள். பூச்சு இறுக 3 நாள். மறுபடி தண்ணீர் கட்டிச் சோதிக்க 2 நாள். ஒரு மணி நேரம்கூட வீணாகாமல் எல்லாக் குளியலறைகளிலும் ஒரே சமயம் வேலை நடந்தாலே 10 நாள் ஆகிவிடும். கொடுத்த காலத்துக்குள் செய்யவே முடியாது என்று தெரிந்து கொடுக்கும் அவகாசத்தை எந்த நடுவரும் அவகாசமாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஜிப்ரால்டர் விமான ஓடுபாதைக்குக் கீழே சாலைச் சுரங்கம் கட்டும் ஒப்பந்தம் 2011-இல் முறிக்கப்பட்டு, லண்டன் நீதிமன்றத்துக்குப் போனது. ஃபிடிக் மாதிரி ஒப்பந்தத்தின்கீழ் கொடுக்கப்பட்ட குறை அறிவிப்புகளை நீதிபதி ஏக்கன்ஹெட் 2014-இல் ஒவ்வொன்றாக அலசினார். அற்பமான குறைக்கு இந்த அறிவிப்பு கொடுக்கக் கூடாது. குறை ஏற்கெனவே நேர்ந்ததாக இருக்க வேண்டும், நேரக்கூடும் என்ற ஊகமாக இருக்கக் கூடாது. கொடுக்கும் காலம் அப்போதைய சூழ்நிலையில் நியாயமாக இருக்க வேண்டும் என்பவை அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல்கள். அந்த வழக்கில் முறிவு செல்லும் என்றே தீர்ப்பானது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2015-இல் அதை ஏற்றது. இங்கிலாந்துத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஃபிடிக் வாசகங்கள் இந்திய ஒப்பந்தங்களில் பரவலாகக் கலந்திருப்பதால் நடுவர்கள் முன்னால் அது எடுத்துக்காட்டப்படுகிறது.

எடுத்துக்காட்டில் துணை ஒப்பந்ததாரர் இந்த முறை விழித்துக்கொள்கிறார். 13 குளியலறைகளையும் 14 நாளுக்குள் செய்து காட்டுகிறார். எல்லாம் சோதனையில் தேறுகின்றன. இன்ஜினியர் இதைப் பதிவேட்டில் எழுதியதோடு நிற்காமல், இந்தக் குறை இன்றைய தேதியில் சரிசெய்யப்பட்டது, எனினும் 14.4-இன்கீழ் எங்கள் உரிமை தொடர்கிறது என்று இரண்டு வரிக் கடிதமும் அனுப்ப வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு இதை ஒட்டிய ஒரு பாடத்தைச் சொல்கிறது. குறித்த காலத்தில் செய்யத் தவறியதால் முறிக்கக்கூடியதாகிவிட்ட ஒப்பந்தத்தில், காலம் தாழ்த்திச் செய்ததை ஏற்றுக்கொள்கிறவர், ஏற்கும் அந்த நேரத்திலேயே இழப்பீடு கேட்கப்போவதாக அறிவிக்காவிட்டால், பின்னால் அந்தத் தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. மௌனமாக வாங்கிக்கொண்டால் மன்னித்ததாகிவிடும்.

மார்ச் கடைசியில் இரண்டாம் கோபுரம். 44 குளியலறைகளில் 15 ஒழுகுகின்றன. இங்கே அவசரப்படக் கூடாது. 15-ஐயும் எண்ணிக்கை போட்டு அறிவிப்பில் சேர்ப்பதற்கு முன், வேறு யாராவது அந்தப் பூச்சைத் துளைத்தார்களா என்று பார்க்க வேண்டும். குளியலறை என்பது நான்கைந்து துணை ஒப்பந்ததாரர்கள் அடுத்தடுத்து வந்து போகிற இடம். பார்த்ததில் 4 குளியலறைகளில் பூச்சு முடிந்த பிறகு பிளம்பிங் ஆட்கள் குழாயின் இடத்தை மாற்றித் தளத்தைக் குடைந்திருக்கிறார்கள். அந்த நான்கையும் கழித்து 11-ஐ மட்டும் குறிப்பிடுவதுதான் சரி. தன்னுடையதல்லாத நான்கு குறைகளைச் சேர்த்து எழுதிய அறிவிப்பை, துணை ஒப்பந்ததாரரின் வக்கீல் அந்த நான்கிலிருந்துதான் பிரித்துப் போடத் தொடங்குவார். மீதி பதினொன்றின் நம்பகத்தன்மையும் கூடவே போகும்.

அதேபோல நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டில் ஒரு ஆர்.ஏ. பில், 4 லட்சத்துச் சொச்சம், கெடு தாண்டி 40 நாளாக நிலுவையில் கிடக்கிறது. மெட்டீரியலுக்கே கையில் காசு இல்லை, கிரௌட் எதில் வாங்குவது என்று நாளை அவர் கேட்டால் பதில் இருக்காது. தகராறில்லாத தொகையை முதலில் செலுத்திவிட்டு அறிவிப்பு கொடுப்பது நல்ல மனசுக்காக மட்டும் அல்ல. சட்டம் அதை எதிர்பார்க்கிறது. ஜே.ஜி. இன்ஜினியர்ஸ் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம், தாமதத்துக்கும் மீறலுக்கும் வேலை கொடுத்தவரே காரணம் என்று நடுவர் கண்டறிந்த பிறகு முறிவு நிற்காது என்றது. முறிவு நிற்காதபோது, வேறு ஆள் வைத்து முடித்த கூடுதல் செலவையும் பழைய ஒப்பந்ததாரர் தலையில் கட்ட முடியாது. மீறல் நடந்தது என்பது என் முடிவே என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்துக்கொண்டாலும் உதவாது. ஒரு தரப்பு தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்க முடியாது என்பது, கர்நாடக அரசுக்கும் ராமேஸ்வரா அரிசி ஆலைக்கும் நடந்த வழக்கில் 1987-இலேயே தீர்ந்துபோன விஷயம். மறுதரப்பு மறுத்தால், மீறலா இல்லையா என்பதை வெளியாள் ஒருவர்தான் தீர்மானிப்பார். அறிவிப்பு எழுதும்போது அந்த வெளியாளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

நிலுவையைக் கொடுத்தாயிற்று. இப்போது 14.4-இன்படி நேராக முறிக்கலாமா? சட்டப்படி இடம் இருக்கிறது. ஆனாலும் நான் என்றால் இன்னொரு அவகாசம் கொடுப்பேன். 14.4 அதே குறை என்ற இரண்டு சொல்லில் நிற்கிறது. அந்த இரண்டு சொல்லைப் பற்றி இரண்டு வருடம் வாதாடலாம். இன்னொரு 14 நாள் கொடுத்து, அதிலும் தவறினால், 14.3 என்ற இரண்டாவது காலும் ஊன்றக் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: இந்த அவகாசம் 14.4-இன்கீழ் உள்ள உரிமையை விட்டுக்கொடுத்ததாகாது என்று அதே கடிதத்தில் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால், கொடுத்த கருணையே ஒப்பந்தம் தொடர இசைந்ததற்குச் சான்றாகத் திரும்பிவிடும்.

இரண்டாம் அறிவிப்பு ஏப்ரல் 6-இல் அவர் கைக்குக் கிடைக்கிறது. 14 நாள் எப்போது முடிகிறது? கிடைத்த நாளிலிருந்து என்றால் கிடைத்த நாளை விட்டுவிட்டு எண்ணுவதே வழக்கம். ஏப்ரல் 7 முதல் நாள். ஏப்ரல் 20 பதினான்காம் நாள். அந்த நாள் முழுதும் அவருடையது. 20-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு முறிவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் அவகாசத்துக்குள்ளேயே முறித்ததாகிவிடும். இத்தனை பாடுபட்டவர்கள் கடைசியில் தடுமாறுவது இப்படி ஒரே ஒரு நாளில்தான். நடுவில் ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டு வருகிறது, ஆட்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். வேலை நாட்கள் என்று ஒப்பந்தம் சொல்லாதவரை விடுமுறையும் கணக்கில் சேரும். ஆனால் அந்த வாரத்தில் விழும்படி வெறும் 10 நாள் கொடுத்திருந்தால் நியாயமான அவகாசமா என்ற கேள்வி எழும். 14 கொடுத்ததன் இன்னொரு பயன் இது.

அறிவிப்பை எங்கே, எப்படிச் சேர்ப்பது என்பதும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. தளத்திலுள்ள மேஸ்திரியிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது போதாது; ஒப்பந்தத்தில் எழுதிய முகவரிக்குப் போக வேண்டும். ஜிப்ரால்டர் வழக்கில் முறிவுக் கடிதம் மாட்ரிட் அலுவலகத்துக்குப் போகாமல் தள அலுவலகத்தில் கொடுக்கப்பட்டது. உரியவர் கைக்கு உண்மையில் கிடைத்துவிட்டதால் முறிவு தப்பியது. அந்த அதிர்ஷ்டத்தை நம்பிக் காரியம் செய்யக் கூடாது. நம் பழைய ஒப்பந்தங்கள் பலவற்றில் பதிவுத் தபால் என்று மட்டும் இருக்கும். அஞ்சல் துறை 2025-இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டது. அத்தகைய ஒப்பந்தம் கையில் இருப்பவர்கள் விரைவுத் தபாலில் அனுப்பி, நேரிலும் கொடுத்து, மின்னஞ்சலிலும் அனுப்பி, மூன்றின் சான்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. வழி மாறிவிட்டது என்ற வாதத்துக்கு அப்போது வலு இருக்காது.

ஏப்ரல் 21 காலை கூட்டுச் சோதனை முடிகிறது. 11 குளியலறைகளில் 6 தேறின. 3 மறுபடி ஒழுகின. 2-இல் யாரும் கையே வைக்கவில்லை. உரித்துப் பார்த்ததில் ஒழுகிய மூன்றிலும் பழையபடி துணி இல்லை. முறிவு அறிவிப்பு 22-ஆம் தேதி எழுதப்படுகிறது. அதன் சாரம்:

“எங்கள் பிப்ரவரி 12, ஏப்ரல் 6 தேதியிட்ட, 14.2-இன் கீழான அறிவிப்புகளைப் பார்க்கவும். இரண்டாவது அறிவிப்பு ஏப்ரல் 6 அன்று உங்களுக்குக் கிடைத்தது. அதில் கொடுத்த 14 நாள் அவகாசம் ஏப்ரல் 20 முடிவில் முடிந்தது. ஏப்ரல் 21 அன்று உங்கள் மேற்பார்வையாளர் முன்னிலையில் முடிந்த சோதனையில், 11 குளியலறைகளில் 3 ஒழுகின. 2-இல் வேலை தொடங்கப்படவில்லை. சோதனைப் பதிவேட்டின் நகலும் படங்களும் இணைப்பில். எனவே 14.3 பிரிவின்கீழ், இந்த அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 7 நாள் முடிவில் ஒப்பந்தம் முறிகிறது. இதற்கு மாற்றாக, பிப்ரவரி 12 அறிவிப்பில் கண்ட அதே குறை ஆறு மாதத்துக்குள் திரும்ப நேர்ந்ததால் 14.4-இன்கீழும் முறிக்கிறோம். மே 2 காலை பத்து மணிக்குக் கூட்டு அளவீடு. உங்கள் பிரதிநிதியை அனுப்பவும். சட்டத்தின்கீழ் எங்களுக்குள்ள மற்ற உரிமைகள் தொடர்கின்றன.”

இந்தக் கடிதத்தில் கோபம் இல்லை. தொழிலுக்கு லாயக்கில்லாதவர், மோசடி, நம்பிக்கைத் துரோகம் போன்ற சொற்கள் இல்லை. அவற்றில் ஒன்றைச் சேர்த்தாலும் நிரூபிக்க வேண்டிய சுமை கூடும், பலன் கூடாது. பிரிவு எண், அறிவிப்புகளின் தேதி, அவகாசம் முடிந்த தேதி, முடிந்த அன்று இருந்த நிலை, முறிவு நடைமுறைக்கு வரும் தேதி: இவை ஒரு சங்கிலி. படிக்கிற மூன்றாமவர் ஒரு கண்ணியைக்கூட வெளியே தேடிப் போக வேண்டியிருக்கக் கூடாது. கடிதம் 23-ஆம் தேதி கிடைத்தால், ஏப்ரல் 30 முடிவில் ஒப்பந்தம் முறிகிறது.

இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்பவருக்குப் பணக் கணக்கே பதில். 38 லட்சத்தில் 21 லட்சத்துக்கு வேலை நடந்து சான்றளிக்கப்பட்டிருக்கிறது. மீதி 17 லட்சம். அதே அளவு வேலைக்கு, அதே பொருளுக்கு, புதிய ஆட்களிடம் வாங்கிய மூன்று விலைப்புள்ளிகளில் குறைந்தது 23 லட்சம். கூடுதல் 6 லட்சம். ஒழுகியவற்றை உடைத்துச் செய்ய 1.2 லட்சம். பிடித்து வைத்த ஐந்து சதவீதம் 1.05 லட்சம் போக, முறிவு செல்லுமானால் 6.15 லட்சம் கேட்கலாம். சரியாக முறித்தவருக்கு இழப்பீடு உண்டு என்கிறது சட்டத்தின் 75-ஆம் பிரிவு. எவ்வளவு என்பதை 73-ஆம் பிரிவு அளக்கிறது, இழப்பைக் குறைக்க நாம் முயன்றோமா என்றும் பார்க்கிறது. அதனால்தான் மூன்று விலைப்புள்ளி, அதனால்தான் அதே பொருள். சாக்கோடு சாக்காக உயர்ந்த ரக மெம்பிரேன் போட்டுவிட்டு வித்தியாசத்தைப் பழையவரிடம் கேட்க முடியாது.

முறிவு செல்லாது என்றானால் மீறியவர் நாமாகிவிடுகிறோம். 6 லட்சம் கிடைக்காது. பிடித்த 1.05 லட்சத்தின்மீதும் அவருக்குக் கோரிக்கை எழும். கூடவே மீதி வேலையில் அவர் இழந்த லாபத்தையும் கேட்பார். பிரிஜ்பால் சிங் வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம் மீதி வேலையின் மதிப்பில் 15 சதவீதத்தை இழந்த லாபமாக ஏற்றது. அந்த அளவில் பார்த்தால் 17 லட்சத்துக்கு 2.55 லட்சம். ஒரே ஈரவட்டம், ஒரே ஒழுகல். கடிதம் ஒருநாள் முந்தினால் கணக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல் மறுபக்கம் சாய்கிறது.

முறிவுக்குப் பிந்தைய நாட்களில் முதலில் கவனிக்க வேண்டியவர்கள் அந்தத் துணை ஒப்பந்ததாரரின் ஆட்கள். பல மாநிலங்களிலிருந்து வந்து தளத்துக் கொட்டகையில் தங்கியிருப்பவர்கள். அவர் கூலி தராமல் போனால், தரும் பொறுப்பு மேலே இருக்கிற முதன்மை வேலையளிப்பவர் மேல் விழுகிறது என்பதே நம் தொழிலாளர் சட்டம். மஸ்டர் ரோலை வாங்கிப் பார்த்து, பாக்கிக் கூலியை அவர்கள் கையில் கொடுத்து, அதைத் துணை ஒப்பந்ததாரரின் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மோசமான பூச்சுக்கு உரியவர் கிரௌட் வாங்கிக் கொடுக்காதவர்; உத்தரவுப்படி பூசியவர் அல்ல.

பிறகு மே 2 கூட்டு அளவீடு. ஒவ்வொரு குளியலறையிலும் எவ்வளவு முடிந்தது, எது தேறியது, எது ஒழுகியது, குடோனில் எத்தனை பை கிரௌட், எத்தனை டின் பூச்சு. துணை ஒப்பந்ததாரரின் ஆள் வந்தால் மறுப்போடு கையொப்பமிடுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திடட்டும், அதுவும் சாட்சிதான். வராவிட்டால், அழைத்த கடிதத்தின் நகலை வைத்து, வரவில்லை என்று குறித்து, தொடர்பில்லாத இரண்டு பேர் முன்னிலையில் அளந்து, அந்தச் சாக்பீஸ் கோடு தெரியும்படி சுவரைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் புதிய ஒப்பந்ததாரரின் ஆள் அந்தத் தளத்தில் உளி வைக்கலாம்.